நான்கு விதமான இல்லை

எங்கள் டாக்டர் ஆதிநாராயணனுக்குச் சகிக்க முடியாதவை இரண்டு. ஒன்று, காபியில் மிதக்கும் ஆடை. மற்றது, ஒரே கட்டுரையில் ஒரு பக்கம் ‘கி.கி.’ என்று புள்ளி வைத்தும் மறு பக்கம் புள்ளி இல்லாமலும் எடையைக் குறிப்பது. ஆடையை விரலால் எடுத்து ஜன்னல் கம்பியில் தடவிவிடுவார். புள்ளிக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

நான் அவரிடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். பெயர் சம்பூர்ணம். ஒடுகத்தூரில் பிறந்து, விவசாயத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, எண்பத்திரண்டாம் வருடம் ஜவ்வாது மலை மேல் வேலைக்கு வந்தவள். நிலையம் என்று பெயரே தவிர, மூன்று அறை, ஒரு களம், ஒரு ஜீப், ஒரு டைப்ரைட்டர் அவ்வளவுதான். டைப்ரைட்டருக்குச் சொந்தக்காரர் போல நடந்துகொள்ளும் ராஜாக்கண்ணு என்கிற டைப்பிஸ்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த வருடம் எங்கள் சாமைக் கட்டுரையை தில்லியிலிருந்து வரும் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை ஏற்றுக்கொண்டிருந்தது. மலையில் நான்கு ஊர்களில் மூன்று ரகச் சாமையை விதைத்து, எது நன்றாக விளைகிறது என்று பார்த்த கதைதான் கட்டுரை. முதல் ரகம் தீர்த்தகிரி என்ற மலைக்காரரின் குடும்பம் காலம் காலமாக விதைத்து வந்த சாமை. கட்டுரையில் அதற்கு ‘எல்’ என்று பெயர். இரண்டாவது டாக்டரே ஆறேழு வருடம் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ‘எஸ்-7’. மூன்றாவது ‘பி’ என்ற சமவெளி ரகம். அதை ஒப்புக்குச் சேர்த்திருந்தோம்.

கட்டுரை அச்சானதும் விதைக்குழு கூடி, மலைக்கு எந்த விதையைப் பெருக்கிக் கொடுப்பது என்று முடிவு செய்யும். எல் தோற்றால் அந்தச் சாமை பட்டியலில் இருக்காது. ஊர் ஊராக எஸ்-7 மூட்டை வந்து இறங்கும், பழைய விதையை அப்புறம் யாரும் தேடமாட்டார்கள். தீர்த்தகிரி அவர் வீட்டுக் குதிரிலிருந்து விதையை அள்ளிக் கொடுத்தபோது, “நியாயமா எழுதுவீங்களாம்மா?” என்று கேட்டார். எழுதுவோம் என்று நான் தலையாட்டியிருந்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தலையாட்டல் பொய்யாகிவிடக் கூடாது என்பதுதான்.

மலையேறும் பஸ்ஸில் புரூஃப் கட்டு வந்து சேர்ந்தது. இரண்டு பிரதிகள். ஒன்றைத் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும், மற்றது நம்மிடம் இருக்கும். கூடவே எடிட்டரின் கேள்விகள் ஒரு தாளில். டாக்டர் அதை மோந்து பார்க்காத குறையாக மேலும் கீழும் திருப்பிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

“படங்களுக்குக் கீழே இருக்கிற விளக்கம், அட்டவணைக்குக் கீழே இருக்கிற அடிக்குறிப்பு, ரெண்டையும் நீ பாரு. ஒரு சுருக்கம் எங்க வந்தாலும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு குறிக்கு ஒரு அர்த்தம். புரிஞ்சுதா?”

புரிந்தது. அவர் சொன்னதையெல்லாம் நான் பின்னால் எவ்வளவு அருமையாகப் பயன்படுத்தப் போகிறேன் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

ராஜாக்கண்ணு மூலப்பிரதியை உரக்கப் படிப்பார், நான் புரூஃபில் விரல் வைத்துக்கொண்டு போவேன். புள்ளி, கமா எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். அவர் குரலோ கூத்துக்காரர் குரல். “படம் ஒண்ணு. எல், அதாவது உள்ளூர் ரகம், கமா. எஸ்-7, கமா…” என்று ஆரம்பித்தால் களத்தில் மேய்கிற கோழிகூட நின்று கேட்கும்.

அன்று காலை மட்டும் நாங்கள் பிடித்த கோளாறுகளைக் கேளுங்கள். முதல் படத்தின் விளக்கத்தில் உள்ளூர் ரகம் ‘எல்’. இரண்டாவது படத்தில் அதுவே ‘லோக்’. மூன்றாவது அட்டவணையில் ‘உள்ளூர்’ என்று முழுசாக. படிக்கிறவன் எங்களிடம் மூன்று உள்ளூர்ச் சாமை இருப்பதாக நினைத்துக்கொள்வான். முதல் அட்டவணையில் நட்சத்திரக் குறிக்கு ‘ஐந்து சதவீத அளவில் வித்தியாசம் உண்டு’ என்று அர்த்தம். இரண்டாவது அட்டவணையில் அதே நட்சத்திரத்துக்கு ‘தாமதமாக விதைக்கப்பட்டது’ என்று அர்த்தம்.

“உங்க டைப்ரைட்டர்ல வேற குறியே இல்லியா?” என்று கேட்டேன்.

“இருந்தது ஒரே நட்சத்திரம் மேடம். ரெண்டு வேலைக்கும் அதையே அனுப்பிட்டேன்,” என்றார் ராஜாக்கண்ணு, வெட்கமே இல்லாமல்.

இரண்டாவது அட்டவணையின் நட்சத்திரத்தை அடித்து ஓரத்தில் சிலுவைக் குறி போட்டேன். ‘லோக்’கையும் ‘உள்ளூர்’ என்பதையும் ‘எல்’ ஆக்கினேன். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு அட்டவணையும் தனியாக நின்றாலும் புரிய வேண்டும் என்பது பத்திரிகையின் விதி. ஆகவே ஒவ்வொன்றின் கீழும் சுருக்கங்களுக்கு விரிவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் சேர்த்தேன். அலுப்பான வேலைதான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது. களை பறிப்பதில் ஒரு குரூர சந்தோஷம் இருக்குமே, அது.

எடிட்டரின் மூன்றாவது கேள்விக்கு வந்தபோது சந்தோஷம் போய்விட்டது. அவர் கேட்டிருந்தது இது: விளைச்சல் அட்டவணைகளில் சில கட்டங்களில் சைபர், சிலவற்றில் கோடு, சிலவற்றில் என்.ஆர்., ஒன்று காலி. இவற்றில் எவை ஒரே பொருள்? ஒரே பொருளானால் ஒரே குறி போடவும். இரண்டாம் படத்தில் விளைச்சலைக் காட்டும் கம்பமோ எழுத்தோ இல்லாத இடம் சைபரா, தகவல் இல்லையா?

நியாயமான கேள்வி. எங்களிடம் நான்கு விதமான இல்லை இருந்தது. முதலாவது சைபர். பி ரகம் உச்சி ஊரில் பனியில் பொக்காகிப் போனது. அறுத்து, அடித்து, புடைத்து, தராசில் வைத்துப் பார்த்தோம், ஒரு மணி தேறவில்லை. அது உண்மையான சைபர். இரண்டாவது காலிக் கட்டம். பி ரகத்தை நான்காவது ஊரில் விதைக்கவே இல்லை. மூன்றாவது, விளைந்தது ஆனால் எடை போடவில்லை. நான்காவது என்.எஸ். இரண்டு ரகத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்று அர்த்தம்.

தகராறு மூன்றாவதில். எடை போடாத கட்டங்கள் இரண்டு. ஒன்று மூன்றாவது ஊரில் தீர்த்தகிரியின் எல் பாத்தி. நாங்கள் காலண்டரைப் பார்த்து அறுவடைக்குத் தேதி குறித்திருந்தோம். ஊர்க் கவுண்டர் அதே நாளில் அம்மனுக்குப் புதுச் சாமைப் பொங்கல், முந்தின நாளே அறுப்பு என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். ஊரிலேயே முதலில் முற்றி, கதிர் நன்றாகத் தலை சாய்ந்திருக்கும் வயலில்தான் அம்மனுக்கு அறுப்பார்கள். அம்மனுக்குப் போகிற தானியத்தை அளக்கக் கூடாது. நாங்கள் தராசோடு போய் இறங்கினால், பாத்தியில் அறுத்த அடித்தாள் மட்டும் நின்றது. ராஜாக்கண்ணு அதற்குக் கோடு போட்டார்.

மற்றது நான்காவது ஊரில், கருப்பன் என்பவரின் நிலத்தில் டாக்டரின் எஸ்-7. அங்கே எல் முன்னமே அறுத்து எடை போட்டாயிற்று. எஸ்-7 பத்து நாள் தாமதமாக முற்றியது. அந்த நேரம் பார்த்து டாக்டர் படவேட்டில் மச்சான் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஜீப்பில் போய்விட்டார். தராசு ஜீப்பின் பின்னால். கருப்பன் காத்திருந்து பார்த்துவிட்டு, மழை வரும் போலிருக்கவே அடித்துத் தன் குவியலோடு சேர்த்துவிட்டார். அந்தக் கட்டத்துக்கு என்.ஆர். என்று டாக்டர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். நாட் ரெக்கார்டட். அம்மன் எடுத்துக்கொண்டால் கோடு, மச்சான் எடுத்துக்கொண்டால் இங்கிலீஷ்.

கேள்வியை அவரிடம் கொண்டுபோனேன். படித்தவுடன் அவர் முகம் மலர்ந்தது.

“பாரு, எடிட்டரே கேக்குறாரு. ஒண்ணும் இல்லைங்கறதுக்கு எத்தினி குறி வெச்சிருக்கோம்? கோடு போட்டதைச் சைபர் ஆக்கிடு.”

“சார், கோடுன்னா எடை போடலை. சைபர்னா எடை போட்டும் ஒண்ணும் இல்லை. ரெண்டும் வேற.”

“விளைச்சல் நம்ம தராசுக்கு வந்துச்சா? வரலை. வராதது சைபர்தான்.”

“அப்ப எல் ரகத்தோட சராசரி?”

“அதையும் மாத்து. குறையும். அதுக்கு நான் இன்னா பண்ண முடியும், கணக்கு அப்பிடி.”

கணக்கு எப்படி என்று எனக்குத் தெரியும். எல் மூன்று ஊர்களில் ஹெக்டேருக்கு அறுநூற்றுப் பத்து, ஐந்நூற்று எண்பது, அறுநூற்று நாற்பது கிலோ. சராசரி அறுநூற்றுப் பத்து. எஸ்-7 மூன்று ஊர்களில் சராசரி அறுநூற்றுப் பதின்மூன்று. வித்தியாசம் மூன்று கிலோ, பக்கத்தில் என்.எஸ். என்று போட்டிருந்தோம். அந்த இரண்டெழுத்து டாக்டரின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இப்போது தீர்த்தகிரியின் கோடு சைபரானால் நான்கு ஊருக்கும் வகுக்க வேண்டும். எல் நானூற்று ஐம்பத்தெட்டுக்கு விழுந்துவிடும்.

“முறைப்படி போட்டா அப்பவும் என்.எஸ்.தான் சார் வரும். ஒரு கட்டத்துல சைபர் விழுந்தா ஏற்றத்தாழ்வு ஏகத்துக்குப் போயிடும்.”

“வரட்டுமே. அது கீழே பொடி எழுத்துல இருக்கட்டும். விதைக்குழுவில பொடி எழுத்தை எவன் படிக்கிறான்?”

மனுஷன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். “என்.ஆரை இன்னா சார் பண்றது?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் விரிவு போட்டிருக்கோமே. அது இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் புரூஃபை அடுப்பில் வைத்திருப்பேன். வாசலில் தீர்த்தகிரி நின்றார். அவர் வாரத்துக்கு ஒரு தரமாவது வந்து எட்டிப் பார்ப்பார்.

“இன்னாம்மா, நம்ம சாமை புஸ்தகத்துல வந்துடுச்சா?”

உள்ளே கூப்பிட்டு அட்டவணையைக் காட்டினேன். அவருடைய ஊர் எது, சாமை எது என்று விரல் வைத்துச் சொன்னேன். அவர் கோட்டில் விரலை வைத்தார்.

“இது இன்னா?”

“எடை போடலைன்னு அர்த்தங்க. இதை எடுத்துட்டு பூஜ்யம் போடச் சொல்றாரு.”

“பூஜ்யம்னா, ஒண்ணுமே விளையலைன்னா?”

“ஆமாங்க.”

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். “ஊரே தின்னுச்சேம்மா. ஐயாவும் தானே தின்னாரு. எலை போட்டுக் குந்த வெச்சு, ரெண்டாவது தபா கேட்டு வாங்கிக்கினாரு. வெல்லம் கொஞ்சம் சேத்துப் போடுன்னாரே.”

டைப்ரைட்டர் பக்கத்திலிருந்து ராஜாக்கண்ணு மூக்கால் சிரிக்கும் சத்தம் வந்தது. நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன், அதே பொங்கலைத் தின்றேன். டாக்டர் விரலை நக்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

“கொஞ்சம் களத்துல உக்காருங்க,” என்று தீர்த்தகிரியிடம் சொன்னேன். பிறகு நம்மிடம் இருக்க வேண்டிய பிரதியை எடுத்தேன். உத்தரவு என்ன? ஒரு குறிக்கு ஒரு அர்த்தம், வராதது சைபர். அப்படியே செய்தேன். தீர்த்தகிரியின் கோட்டை அடித்து ஓரத்தில் சைபர் போட்டேன். டாக்டரின் என்.ஆர். குறியை அடித்து அதற்கும் சைபர் போட்டேன். எஸ்-7 சராசரியை நான்கால் வகுத்து நானூற்று அறுபது என்று திருத்தினேன். அடிக்குறிப்பிலிருந்து நாட் ரெக்கார்டட் என்பதை வெட்டினேன். இரண்டாம் படத்தின் விளக்கத்தில், ‘கம்பம் இல்லாத இடம் சைபர்’ என்று எழுதினேன். இவ்வளவு ஒழுங்கான ஒரு புரூஃபை அந்த நிலையம் பார்த்ததே இல்லை.

டாக்டர் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் பக்கத்துக்குத் தலையாட்டினார். இரண்டாவது பக்கத்தில் மெல்லுவது நின்றது.

“எஸ்-7 நானூத்தி அறுபதா?”

“ஆமா சார்.”

“என்.ஆர். எங்க?”

“அதுவும் கோடும் ஒண்ணுதானே சார். ஒரே பொருளுக்கு ஒரே குறி போடுன்னு எடிட்டரும் சொல்றாரு, நீங்களும் சொன்னீங்க.”

“அது சைபர் இல்லை, சம்பூர்ணம். பயிர் நல்லா விளைஞ்சு நின்னுது. எடைதான் போடலை. தராசை நான் எடுத்துக்கினு போய்ட்டேன், அதுக்குப் பயிர் இன்னா பண்ணும்?”

அவர் வாயாலேயே வந்துவிட்டது. ராஜாக்கண்ணு டைப்ரைட்டரைத் துடைத்துக்கொண்டே, “மூணாவது ஊர்லயும் அப்பிடித்தான் நின்னுதுங்க ஐயா. அதையும் எடை போடலை. பொங்கல்தான் போட்டாங்க,” என்றார்.

டாக்டர் எழுந்துபோய் ஜன்னல் வழியாக வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அவர் களத்தில் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரியைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். தோற்பதற்கு முன்னால் ஒரு கடைசி முயற்சி செய்து பார்த்தார். கோடு கோடாகவே இருக்கட்டும், என்.ஆர். என்.ஆராகவே இருக்கட்டும், இரண்டுக்கும் வேறு வேறு அடிக்குறிப்பு எழுதலாம் என்றார். நான் எடிட்டரின் தாளை அவர் முன்னால் நகர்த்தினேன். அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

“சரி, எந்தக் குறி வெச்சுக்கறது?”

“என்.ஆர்.தான் சார். இரண்டாம் படத்துல எஸ்-7 கம்பம் இல்லாத இடத்துல நீங்க என்.ஆர்.னு எழுதச் சொல்லி எழுதிட்டேன். அச்சுக்கு பிளாக் செஞ்சுட்டாங்க. படத்தை இனிமே தொட முடியாது. விளக்கத்தைத்தான் மாத்தலாம். எல் கம்பம் இல்லாத இடமும் என்.ஆர்.தான்னு விளக்கத்துல ஒரு வரி சேத்துட்டா போதும். அட்டவணையில கோட்டை எல்லாம் என்.ஆர். ஆக்கிடலாம். சைபர் பொக்குக்கு மட்டும். காலிக் கட்டத்துல ‘விதைக்கவில்லை’ன்னு எழுதிடலாம்.”

அவர் தலையை ஆட்டினார். நான் அடிக்குறிப்பை எழுதி நீட்டினேன். என்.ஆர்., எடை பதிவாகவில்லை. மூன்றாவது ஊரில் எல், எடைக்கு முன் வழிபாட்டுக்காக அறுக்கப்பட்டது. நான்காவது ஊரில் எஸ்-7, தராசு இல்லை.

“தராசு இல்லைன்னு போட்டா எங்க போச்சுன்னு கேப்பான்.”

“கேப்பாங்க சார்.”

“காரணம் எல்லாம் வேணாம். வெறும் ‘பதிவாகவில்லை’ போதும்.” பேனாவை எடுத்து இரண்டு காரணத்தையும் அவரே அடித்தார். ஒரே நீளக் கோட்டால், பாரபட்சம் பார்க்காமல் அடித்தார். பிறகு சராசரிகளைப் பார்த்தார். அறுநூற்றுப் பத்து. அறுநூற்றுப் பதின்மூன்று. பக்கத்தில் என்.எஸ். நட்ட வருடங்களையெல்லாம் எண்ணுகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். எனக்கு ஒரு நிமிஷம் அவர் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. ஆறேழு வருடம் ஒரு பயிரைப் பின்தொடர்ந்து போனவர் அவர். கையெழுத்துப் போட்டுப் புரூஃபை என் பக்கம் தள்ளினார்.

திருப்பி அனுப்ப வேண்டிய பிரதியில் எல்லாவற்றையும் சுத்தமாக ஏற்றி, கட்டி, ராஜாக்கண்ணுவை பஸ்ஸுக்கு அனுப்பினேன். டாக்டரும் நானும் களத்துக்கு வந்தோம். தீர்த்தகிரி எழுந்து நின்றார்.

“பூஜ்யம் இல்லைங்க. எடை போடலைன்னுதான் போட்டிருக்கு,” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். “அப்ப யார் சாமைங்க ஐயா நல்ல சாமை? என்னுதா, உங்களுதா?”

டாக்டர் செருமினார். “ரெண்டும் ஒண்ணுதான்யா. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லை.”

தீர்த்தகிரி அதை நிதானமாக யோசித்தார். கேலி எதுவும் இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “அப்ப இன்னாத்துக்குங்க ஐயா, எங்ககிட்ட இருக்குற மாதிரியே ஒண்ணை இத்தினி வருசம் பாடுபட்டுச் செஞ்சு மேல தூக்கினு வந்தீங்க?”

நான் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். சிரித்திருந்தால் வேலை போயிருக்கும். டாக்டர் களத்தில் காய்ந்துகொண்டிருந்த எஸ்-7 குவியலைக் காலால் லேசாக ஒதுக்கினார். அப்புறம் அந்த நிலையத்தில் அதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“குழு கேட்டா நாலு ஊருக்கும் விதை தரணும். உன்கிட்ட எவ்ளோ கீது?”

“எப்பிடிங்க ஐயா சும்மா சொல்றது?” என்றார் தீர்த்தகிரி. “தராசை எடுத்துக்கினு வூட்டுக்கு வாங்க, போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்.”